நான்கு நிமிட நுகர்வோர் விழிப்புணர்வுக் காணொளி: இந்த மிக்சி கதை நிற்குமா?

கரும்பலகை எழுதியது:

வணக்கம். விழுப்புரம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் குடிமக்கள் நுகர்வோர் மன்றத்தைக் கவனித்துக்கொள்கிறேன். டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாளுக்காக நான்கு நிமிடக் காணொளி எடுக்கப்போகிறோம். பெற்றோர் கூட்டத்தில் திரையிட்ட பிறகு ஊர் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போகும். அதனால் பார்ப்பவர்களில் பத்தாம் வகுப்பு மாணவியும் இருப்பாள், அவளுடைய பாட்டியும் இருப்பார்.

கதை இதுதான். வள்ளி புதுச்சேரிக்குப் போய் 3,800 ரூபாய்க்கு மிக்சி வாங்குகிறாள். பதினேழாம் நாள் சட்னி அரைக்கும்போது தீய்ந்த வாடை வந்து நின்றுவிடுகிறது. கணவன் அதைத் தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறான். அவர் பிரித்துப் பார்த்து, மோட்டார் காயில் போய்விட்டது என்கிறார். கடைக்காரர் பில்லைத் திருப்பி, பின்புறம் அச்சிட்ட வரியைக் காட்டுகிறார்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது." வள்ளி நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகிறாள். நீதிபதி சுத்தியலைத் தட்டி 50,000 ரூபாய் இழப்பீடு தரச் சொல்கிறார். கடைசியில் பின்னணிக் குரல் ஆறு நுகர்வோர் உரிமைகளையும் வாசிக்கிறது.

உரையாடல்களைப் படப்பிடிப்பில் பேச்சு வழக்குக்கு மாற்றிக்கொள்வோம். எழுத்துப்படி இப்போது 620 சொற்கள். எங்கே தப்பு இருக்கிறது என்று தயங்காமல் சொல்லுங்கள்.

---

நான்காவதுமாடி எழுதியது:

டீச்சர், விடவே விடாதீர்கள். பதினேழு நாளில் மிக்சி போனால் மாற்றித் தந்தே ஆக வேண்டும். வள்ளி உங்கள் உறவினரா? எந்தக் கடை என்று இங்கே போடுங்கள், நான்கு பேர் தெரிந்துகொள்ளட்டும்.

எனக்கும் இதே கதிதான். இணையத்தில் மிக்சி ஜார் ஒன்று வாங்கினேன், வந்தது வேறு அளவு. அட்டைப்பெட்டியை அன்றைக்கே குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். பெட்டி இல்லாமல் திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள். பில்லைக் கேட்டால், செயலியில் இருக்கிறது, இறக்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அந்தக் கைபேசியையே மாற்றிவிட்டேன். எங்கே போய் இறக்குவது?

---

கரும்பலகை எழுதியது:

வள்ளி என் கற்பனைப் பாத்திரம், நான்காவதுமாடி. மிக்சியும் கற்பனைதான். ஆனால் உங்கள் பெட்டி கற்பனை இல்லை என்று தெரிகிறது. குறித்துக்கொண்டேன்.

பழைய கைபேசியில் நுழைந்த அதே எண்ணில் புதிய கைபேசியிலும் நுழைந்து பாருங்கள், பழைய வாங்கல்களின் பட்டியலில் பில் இருக்கக்கூடும்.

---

உரிமைக்குரல் எழுதியது:

நல்ல முயற்சி. ஆனால் ஒரு மிக்சியோடு நிறுத்தினால் போதாது. வாங்கிய எதையும் 30 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது, அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் யார் எங்கே விற்றாலும் குற்றம், அதையும் சேருங்கள். எடை மோசடி, கலப்படம், காலாவதித் தேதி, பெட்ரோல் பங்க் அளவு எல்லாவற்றையும் ஒரே கதைக்குள் கொண்டுவரலாம். வள்ளி காலையில் பால் வாங்குவதில் தொடங்கி இரவு வரை போகட்டும்.

---

தராசுமுள் எழுதியது:

ஒரு தன்னார்வ நுகர்வோர் அமைப்பில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மனு எழுதிக் கொடுத்துவருகிறேன். முதலில் உரிமைக்குரலுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த 30 நாள் வதந்தியைக் கேட்டுவிட்டு எங்களிடம் வருகிறவர்கள் ஏராளம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 30 நாள் என்று இருப்பது உண்மை. ஆனால் அது பழுதான பொருளுக்கு. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தருவதற்கு பில்லில் ஒரு காலம் குறித்திருந்தால் அதற்குள், ஒன்றும் குறிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் தர வேண்டும். மறுத்தால் அது நேர்மையற்ற வணிக நடைமுறை. புடவையின் நிறம் வீட்டுக்கு வந்து பார்த்ததும் பிடிக்கவில்லை என்றால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. அங்கே கடைக்காரர் மாற்றித் தருவது அவருடைய பெருந்தன்மை. இந்த வேறுபாட்டைக் காணொளி சொல்லாமல் விட்டால், மறுநாள் கடைகளில் சண்டைதான் நடக்கும்.

எம்.ஆர்.பி. விஷயமும் பாதி சரி. கடையில் கூலிங் சார்ஜ் என்று இரண்டு ரூபாய் கூட்டி வாங்கக் கூடாது. ஆனால் உணவகத்தில் மேசையில் உட்கார்ந்து வாங்கும் தண்ணீர்ப் புட்டிக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. அங்கே விற்பது தண்ணீர் மட்டுமல்ல, இடமும் சேவையும் சேர்ந்தது என்பது அதன் பார்வை. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான்.

இப்போது டீச்சரின் கதைக்கு வருகிறேன். அதன் பெரிய ஓட்டை நீதிமன்றக் காட்சியில் இல்லை. மெக்கானிக் ஸ்குரூ டிரைவரை எடுக்கும் இடத்தில் இருக்கிறது. அந்த நொடியிலேயே வள்ளியின் வழக்கு பாதி செத்துவிட்டது. வெளியாள் பிரித்தால் வாரண்டி செல்லாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைவிட மோசம், பிரித்தவர்தான் கெடுத்தார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். பழுது உண்டா இல்லையா என்று சந்தேகம் வந்தால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப, நுகர்வோர் நீதிமன்றம் என்று நாம் சொல்லும் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பிரித்த மிக்சியை அனுப்பி என்ன பயன்? நீங்கள் அந்தக் காட்சியைப் போகிற போக்கில் வைத்திருக்கிறீர்கள். பார்ப்பவர்கள் அதையே சரியான வழி என்று எடுத்துக்கொள்வார்கள். விழிப்புணர்வுக் கதையில் நாயகி செய்யும் தவறு தவறு என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அது பாடமாகிவிடும்.

---

கடைவீதி எழுதியது:

வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட காணொளிகளில் கடைக்காரன் எப்போதும் மீசையை முறுக்கிக்கொண்டு வருவான். டீச்சர், உங்கள் கடைக்காரரும் அப்படித்தான் இருப்பார் என்று நினைக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன். மிக்சி நின்றுவிட்டது என்று வருகிறவர்களில் பலருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அடிப்பாகத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். சுமை அதிகமானால் மோட்டாரைக் காப்பாற்றத் தானே வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். சற்று ஆறவிட்டு அழுத்தினால் ஓடும். மாவையே மிக்சியில் பத்து நிமிடம் நிறுத்தாமல் அரைத்துவிட்டு வருவார்கள், வாடை வராமல் என்ன செய்யும்?

இன்னொன்று, வாரண்டி அட்டையில் பழுது பார்த்துத் தரப்படும் என்றுதான் இருக்கும். மாற்றித் தருவோம் என்று இருக்காது. அட்டையில் இல்லாததை எந்த ஆணையமும் தரச் சொல்ல முடியாது. நான் விற்பவன், செய்பவன் இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரின் முகவரியைத் தருவதோடு என் வேலை முடிந்தது.

---

தராசுமுள் எழுதியது:

சிவப்புப் பொத்தான் விஷயத்தில் கடைவீதி சொல்வது முற்றிலும் சரி, எனக்கே உறைக்காமல் போயிற்று. கதையில் அது கட்டாயம் வர வேண்டும். வள்ளி ஆறவிட்டுப் பொத்தானை அழுத்துகிறாள். ஜாரே வைக்காமல் வெறுமனே ஓடவிடுகிறாள். அப்போதும் மூன்று நொடியில் பொத்தான் மறுபடி வெளியே வந்துவிடுகிறது. இதைக் காட்டிவிட்டால், தவறு அவள் கையில் இல்லை என்பது பாட்டிக்கும் புரியும், ஒரு சொல்கூட இல்லாமல்.

மற்ற இரண்டும் சரியில்லை. பழுதை நீக்கு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பு, இழப்பீடு கொடு, இவற்றில் எதையும் ஆணையம் உத்தரவிடலாம். வாரண்டி அட்டை அந்தக் கையைக் கட்டாது. நடைமுறையில் முதலில் பழுது பார்க்க வாய்ப்புக் கொடுத்தாயா என்று கேட்பார்கள் என்பது வேறு விஷயம். விற்றவரும் தயாரித்தவரும் இருவருமே எதிர்த்தரப்பாகச் சேர்க்கப்படுவது வழக்கம். முகவரியைத் தந்ததோடு உங்கள் வேலை முடியவில்லை, ஐயா.

---

ஒளிச்சதுரம் எழுதியது:

கல்யாணக் காணொளி எடுப்பவன் நான், சட்டம் தெரியாது. எண்ணிக்கை தெரியும். நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் போனால் கேட்பவருக்கு மூச்சு முட்டும், அதுவும் நடிப்பவர்கள் மாணவர்கள் என்றால் இடையில் தடுமாறுவார்கள். நான்கு நிமிடத்துக்கு 620 சொல் என்பது வானொலிச் செய்தி வேகம். முந்நூற்றைம்பதுக்குக் கொண்டுவாருங்கள். ஆறு உரிமைகளை வாசிப்பதை முதலில் வெட்டுங்கள். அந்த இடத்தில் எல்லோரும் அடுத்த காணொளிக்குத் தள்ளிவிடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் பாதிப் பேர் ஒலியில்லாமல் பார்ப்பார்கள். ஒவ்வொரு காட்சியையும் ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள், கதை புரிகிறதா என்று. வள்ளியும் கடைக்காரரும் நின்று பேசிக்கொண்டே இருந்தால் புரியாது. கையில் ஏதாவது ஒரு பொருள் இருக்க வேண்டும். உங்கள் கதையில் அந்தப் பொருள் மிக்சி இல்லை, பில் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

கரும்பலகை எழுதியது:

பில்! இதைப் படித்ததும் என் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த குக்கர் பில் வெறும் வெள்ளைத் தாள். கடையின் பெயர்கூட இல்லை.

---

ஒளிச்சதுரம் எழுதியது:

அது சூட்டில் எழுத்து வரும் தாள், மை கிடையாது. நாளாக நாளாக வெளுத்துவிடும். மாறாக, சூடு பட்டால் முழுத்தாளும் கறுத்துவிடும். வள்ளி பில்லைச் சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைக்கட்டும். அடுத்த காட்சியில் எடுக்கும்போது ஓரம் கறுத்திருக்கட்டும். நான் செய்து பார்த்தேன், இஸ்திரிப் பெட்டியை லேசாக அருகில் கொண்டுபோனாலே போதும், கறுப்பு ஊர்ந்து வருவது கண்ணுக்குத் தெரிகிறது. அண்மைக் காட்சியாக ஐந்து நொடி. ஒரு வசனமும் வேண்டாம்.

---

தராசுமுள் எழுதியது:

அருமை. ஆனால் அவளிடம் பில்லே இல்லாமல் செய்துவிடாதீர்கள், பிறகு கதை நகராது. வாங்கிய அன்றே மகள் கைபேசியில் படம் எடுத்திருக்கட்டும். கடையில் தாள் கறுத்துவிட்டது தெரிகிறது, மகள் படத்தைக் காட்டுகிறாள். கதையின் திருப்பம் அதுதான். இணையத்தில் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும், செயலியில் இருக்கும் பில்லை அன்றைக்கே இறக்கிவைக்கலாம். நான்காவதுமாடி பட்டது வீண் போகவில்லை.

பில்லின் பின்புற வரியைப் பற்றி. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சிட்டுவிட்டால் பழுதான பொருளுக்கான பொறுப்பு போய்விடாது. வள்ளி சட்ட எண் எதையும் சொல்ல வேண்டாம். "இது பிடிக்காமல் கொண்டுவந்த பொருள் இல்லை ஐயா, பழுதான பொருள்" என்றால் போதும். அந்த ஒரு வாக்கியத்தில் உரிமைக்குரல் கேட்ட 30 நாள் விஷயமும் அதன் எல்லையும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

நீதிமன்றக் காட்சியை எடுக்கவே எடுக்காதீர்கள். சுத்தியல் நம் ஊர் வழக்கமில்லை. மாவட்ட ஆணையத்தில் இருப்பவர் தலைவர், கூடவே உறுப்பினர்கள். 3,800 ரூபாய் மிக்சிக்கு ஐம்பதாயிரம் என்று காட்டினால், பார்ப்பவர் அந்தக் கணக்கோடுதான் எங்களிடம் வருவார். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் பார்த்தவற்றில் அதற்குள் முடிந்தவை குறைவு.

---

இட்லிக்கடை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள் அண்ணா. நான் வீட்டு வாசலில் இட்லிக்கடை போட்டிருக்கிறேன், கிரைண்டர் எட்டு மாதத்தில் போய்விட்டது. வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் கிடையாது என்று சர்வீஸ் சென்டரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். உண்மையா?

---

தராசுமுள் எழுதியது:

வியாபார நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கி நீங்களே பயன்படுத்தினால் நீங்கள் நுகர்வோர்தான், தங்கையே. அதே சட்டத்தில் அதே இடத்திலேயே விளக்கமாக இருக்கிறது. பழுது தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். கிரைண்டரை வெளியில் பிரிக்கக் கொடுத்துவிட்டீர்களா, இல்லையா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

---

இட்லிக்கடை எழுதியது:

கொடுத்துவிட்டேன் அண்ணா. மூன்று நாள் கடையை மூட முடியாதே.

---

தராசுமுள் எழுதியது:

புரிகிறது. மெக்கானிக்கிடம் என்ன பழுது, எதை மாற்றினார் என்று தேதியிட்டுக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள், கழற்றிய பாகத்தைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். பலவீனமான ஆதாரம்தான், இருந்தாலும் கையில் ஏதோ ஒன்று.

டீச்சர், இது உங்கள் கதைக்கும் வரும் கேள்வி. மிக்சி இல்லாமல் வள்ளி எத்தனை நாள் காத்திருப்பாள்? அம்மிக்குத் திரும்புவதைக் காட்டுங்கள்.

---

உரிமைக்குரல் எழுதியது:

நீதிமன்றமும் வேண்டாம், இழப்பீடும் வேண்டாம் என்றால் காணொளி எதில் முடியும்? 1915க்கு அழைத்தால் அவர்களே வாங்கித் தந்துவிடுவார்கள், அதைப் போடுங்கள். பிறகு edaakhil.nic.in முகவரியைக் காட்டுங்கள்.

---

தராசுமுள் எழுதியது:

1915 போட வேண்டியதுதான், தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. ஆனால் அது தேசிய நுகர்வோர் உதவி எண், தீர்ப்புச் சொல்லும் இடமில்லை. உங்கள் புகாரை நிறுவனத்திடம் அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெரிய நிறுவனமாக இருந்தால் பெரும்பாலும் அதிலேயே முடிகிறது, சிறிய கடை மௌனம் காத்தால் அவர்களால் கட்டாயப்படுத்த முடியாது. இணையப் புகாருக்கு 2025 ஜனவரி முதல் e-jagriti.gov.in வந்துவிட்டது, அதைக் காட்டுங்கள்.

முடிவாக நான் வைப்பது ஒரு கடிதம். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் ஆணையத்தின் முன் அதற்குத் தனி மதிப்பு உண்டு. வள்ளி கையால் எழுதுகிறாள், ஒரு பக்கம்: எந்த நாள் வாங்கினேன், எவ்வளவு கொடுத்தேன், எந்த நாள் எப்படி நின்றது, எந்த நாள் வந்து கேட்டேன், என்ன சொன்னீர்கள், எனக்கு என்ன வேண்டும், பதினைந்து நாளில் பதில் தாருங்கள். ஒரு நகல் கடைக்கு, ஒன்று கம்பெனிக்கு, ஒன்று தனக்கு. பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. அதனால் தபால் நிலையக் காட்சியில் பழைய பதிவுத் தபால் வேண்டாம், விரைவுத் தபால் ரசீதே போதும்.

பதில் வராவிட்டால் புகார். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. புதுச்சேரியில் வாங்கியிருந்தாலும் விழுப்புரத்திலேயே புகார் தரலாம். பழைய சட்டத்தில் பெரும்பாலும் கடை இருக்கும் இடத்துக்குத்தான் ஓட வேண்டியிருந்தது. இதற்காகவாவது புதுச்சேரியை வெட்டாதீர்கள்.

---

ஒளிச்சதுரம் எழுதியது:

ஐயா, நீங்கள் இப்போது சொன்னதே ஒன்றரை நிமிடம் வரும். ஒரு வரிதான் தருவேன்.

---

கரும்பலகை எழுதியது:

இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். கடைக் காட்சியை மட்டும் போடுகிறேன்.

*கடை மேசை. பகல். ஒரு நிமிடம் பத்து நொடி.*

காட்சி: மேசை மேல் மிக்சி. வள்ளி சிவப்புப் பொத்தானை அழுத்துகிறாள். ஜார் இல்லாமல் ஓடுகிறது. பொத்தான் வெளியே வருகிறது. கடைக்காரர் தானே ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார். மறுபடி வெளியே வருகிறது.

கடைக்காரர்: பில் இருக்கிறதா அம்மா?

காட்சி: வள்ளி பில்லை நீட்டுகிறாள். பாதி கறுத்த தாள். கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். மகள் கைபேசியை நீட்டுகிறாள். திரையில் அதே பில், தெளிவாக.

கடைக்காரர்: இதோ பாருங்கள், பின்னால் போட்டிருக்கிறோமே. விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை.

வள்ளி: இது பிடிக்காமல் கொண்டுவந்த பொருள் இல்லை ஐயா. பழுதான பொருள்.

காட்சி: கடைக்காரர் பேசவில்லை. வாரண்டி அட்டையை எடுத்துப் பார்க்கிறார்.

கடைக்காரர்: கம்பெனிக்கு அனுப்புகிறேன். பதினைந்து நாள் ஆகும்.

வள்ளி: அப்படியே எழுதிக் கொடுங்கள். தேதியும் முத்திரையும் வையுங்கள்.

இதற்குப் பிறகு அம்மி, கடிதம், தபால் நிலையம். திரையில் 1915, இணைய முகவரி, "வாங்கியது எங்கே என்றாலும், புகார் உங்கள் மாவட்டத்திலேயே" என்ற ஒரு வரி. மெக்கானிக்கை விட்டுவிடவில்லை. கணவன் ஸ்குரூ டிரைவரோடு வருகிறான், மகள் அவன் கையைப் பிடித்து நிறுத்துகிறாள். மொத்தம் 340 சொற்கள்.

---

உரிமைக்குரல் எழுதியது:

மிகவும் மென்மையாக இருக்கிறது. பதினைந்து நாள் என்றால் சரி என்று ஏன் ஒப்புக்கொள்கிறாள்? மாற்றித் தா என்று கேட்பது அவள் உரிமை. இதைப் பார்த்தால் எல்லோரும் பழுது பார்ப்பதற்கே தலையாட்டிவிடுவார்கள்.

---

தராசுமுள் எழுதியது:

இதில் எனக்கும் முழு நிம்மதி இல்லை. பதினேழு நாளில் போன பொருளுக்கு நானாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லித்தான் எழுதியிருப்பேன். ஆனால் ஒருமுறை பழுது பார்க்க இடம் கொடுத்தவரின் மனு ஆணையத்தில் எடுபடுவதையும் பார்த்திருக்கிறேன். கடிதத்தில் மாற்றித் தரக் கேட்கட்டும், கடையில் எழுதி வாங்கிக்கொண்டு வரட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

---

நான்காவதுமாடி எழுதியது:

பழைய எண்ணில் நுழைந்தேன் டீச்சர், பில் கிடைத்துவிட்டது. பெட்டிதான் இல்லை. சரி, வள்ளியின் மிக்சி கடைசியில் மாறியதா இல்லையா? அதை ஏன் சொல்லவில்லை?

---

கரும்பலகை எழுதியது:

என் மாணவிகளும் அதையேதான் கேட்டார்கள். தபால்காரர் வள்ளி வீட்டுக் கதவைத் தட்டுவதோடு நிறுத்தியிருக்கிறேன். உறையில் என்ன இருக்கிறது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதைக்குப் பெரிய சிக்கல் வேறு: படம் எடுக்க ஒரு கடை வேண்டும். கேட்ட இரண்டு பேரும் மறுத்துவிட்டார்கள்.

---

கடைவீதி எழுதியது:

நான் தருகிறேன். திண்டிவனம்தான், ஞாயிறு மதியம் கடை மூடியிருக்கும், வாருங்கள். உங்கள் கடைக்காரர் மீசை முறுக்கவில்லை, பொத்தானையும் தானே அழுத்திப் பார்க்கிறார், அதனால்.

ஒரே ஒரு சங்கடம். இதைப் படித்துவிட்டு என் பில் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்த வரி எங்களிடமும் இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து அச்சகத்தில் அப்படியே போடுகிறார்கள். இன்னும் எட்டுப் புத்தகம் மீதம் இருக்கிறது. படப்பிடிப்புக்குப் புதிதாக ஒன்று அச்சிட வேண்டாம், அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.